தாண்டக்கூடாத எல்லை

(செம்பரம்பாக்கத்தில் நமது அறக்கட்டளையின் மாலை நேர எலக்ட்ரானிக்ஸ் வகுப்பு மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் மாலை வகுப்பில் கடந்த சில வாரங்களாக ஒரு வேலை நடந்துகொண்டிருக்கிறது. BC547 என்ற டிரான்சிஸ்டர், LM741 என்ற ஆப்-ஆம்ப் ஆகிய இரண்டின் டேட்டா ஷீட்டையும் மாணவர்கள் தமிழில் எழுதி வருகிறார்கள். "பிள்ளைகள் பாடம் படிக்காமல் அகராதியைப் புரட்டிக்கொண்டு இருக்கிறார்களே" என்று சில பெற்றோர் கேட்டதாக அறிந்தேன். நியாயமான கேள்விதான். அந்த வேலையில் என்ன இருக்கிறது என்பதை இன்று விளக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

டேட்டா ஷீட் என்பது ஓர் உறுப்பைத் தயாரித்த கம்பெனியே அதைப் பற்றி வெளியிடும் விவரத்தாள். இங்கிருந்து ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வரை எந்தத் தொழிற்சாலைக்கு எலக்ட்ரானிக்ஸ் வேலைக்குப் போனாலும் அங்கே இருப்பது ஆங்கில டேட்டா ஷீட்தான். அதை மாற்ற நாம் நினைக்கவில்லை. நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் பத்தாவது, பன்னிரண்டாவது வரை தமிழ்வழியில் படித்தவர்கள். ஐ.டி.ஐ. பாடநூல்கள் தமிழிலும் கிடைக்கின்றன. கிண்டியில் இருக்கும் நிமி என்ற மத்திய அரசு நிறுவனம் அவற்றை வெளியிடுகிறது. ஆனால் டேட்டா ஷீட்டை யாரும் தமிழில் தருவதில்லை. பாடம் தமிழில், கையில் இருக்கும் பொருளின் விவரம் ஆங்கிலத்தில் என்ற இடைவெளியில் மாணவர் எண்களை மட்டும் பார்த்துவிட்டு எண்களுக்கு மேலும் கீழும் உள்ள வாக்கியங்களைத் தாண்டிப் போய்விடுகிறார். பாகம் எரிந்து போகும் விஷயம் பெரும்பாலும் அந்த வாக்கியங்களில்தான் இருக்கிறது.

டேட்டா ஷீட்டில் பல அட்டவணைகள் இருக்கும். இன்று நான் முதல் அட்டவணையைப் பற்றி மட்டும் பேசப் போகிறேன். ஆங்கிலத்தில் அதன் தலைப்பு 'அப்சல்யூட் மேக்ஸிமம் ரேட்டிங்ஸ்'. இந்த மூன்று சொற்களைத் தமிழாக்கவே எங்களுக்கு ஒரு மாலை முழுதும் ஆயிற்று.

மாணவர்கள் முதலில் எழுதியது 'முழுமையான அதிகபட்ச மதிப்பீடுகள்'. அகராதிப்படி தவறு சொல்ல முடியாது. ஆனால் இதைப் படிக்கிறவருக்கு என்ன தோன்றும்? 'இந்தப் பொருள் அதிகபட்சம் இவ்வளவு வேலை செய்யும்' என்று தோன்றும். ஒரு மாணவர் அப்படியே கேட்டார்: "சார், 45 வோல்ட்னு போட்டிருக்கே, அப்போ 45 வோல்ட்ல ஓட்டலாம்தானே?" ஓட்டக்கூடாது. அந்த எண் வேலை செய்யும் அளவைச் சொல்லவில்லை.

'அப்சல்யூட்' என்ற சொல் இங்கே எப்படி வந்தது என்று பார்த்தால் விஷயம் விளங்கும். இது டிரான்சிஸ்டருக்கு முந்தைய வால்வு ரேடியோ காலத்துச் சொல். அந்தக் காலத்தில் வால்வுக்கு எல்லை அளவு கொடுக்க ஒன்றுக்கு மேற்பட்ட முறைகள் இருந்தன. ஒரு முறையில், வீட்டுக்கு வரும் கரண்டு கொஞ்சம் கூடும் குறையும் என்பதைத் தயாரிப்பாளரே கணக்கில் எடுத்து, அதற்கான இடத்தைக் கழித்துவிட்டுத்தான் எண்ணைக் கொடுப்பார். ரேடியோ வடிவமைப்பவர் சாதாரண மின்னழுத்தத்தை வைத்துக் கணக்குப் போட்டால் போதும். 'அப்சல்யூட்' முறை அப்படியல்ல. தயாரிப்பாளர் எதையும் கழிக்காமல் கடைசி எல்லையைக் கொடுத்துவிடுவார். மின்சாரம் கூடினாலும், வெயில் அடித்தாலும், மற்ற பாகங்கள் கொஞ்சம் முன்பின் இருந்தாலும், எதிர்பார்க்கத்தக்க மிக மோசமான நிலையிலும் அந்த எல்லையைத் தொடாமல் பார்த்துக்கொள்வது பயன்படுத்துகிறவர் பொறுப்பு. ஐ.இ.சி. 60134 என்ற சர்வதேசத் தரநிலை இந்த முறைகளைப் பிரித்து விளக்குகிறது. வால்வு போனது, டிரான்சிஸ்டர் வந்தது, ஐ.சி. வந்தது. அந்தச் சொல் மட்டும் இன்றும் நிற்கிறது.

ஆகவே 'அப்சல்யூட்' என்றால் 'முழுமையான' என்று பொருள் கொள்ள முடியாது. 'இதில் உங்களுக்காக எதையும் கழிக்கவில்லை' என்பதுதான் அதன் கருத்து. நாங்கள் கடைசியில் வைத்த தலைப்பு: 'தாண்டக்கூடாத எல்லை அளவுகள்'. அகராதி பார்த்துச் சரிபார்க்கிறவர் ஒத்துக்கொள்ள மாட்டார். பட்டறையில் நிற்கிறவருக்குப் புரியும், எனக்கு அது போதும்.

நம் ஊர்க்காரர்களுக்கு இதை ஏரியை வைத்தே சொல்லலாம். செம்பரம்பாக்கம் ஏரியின் முழு உயரம் 24 அடி. மழைக்காலத்தில் 24 அடி நிரம்பட்டும் என்று யாராவது காத்திருக்கிறார்களா? 2020 நவம்பரில் நிவர் புயல் வந்தபோது 22 அடியிலேயே மதகைத் திறந்தார்கள். 24 என்பது அளவுகோலில் எழுதியிருக்கும் எண். நடைமுறையில் ஏரியை வைத்திருக்கும் அளவு வேறு. டேட்டா ஷீட்டிலும் அப்படித்தான். முதல் அட்டவணையில் இருப்பது ஒரு வகை எண், அதற்குக் கீழே 'எலக்ட்ரிக்கல் கேரக்டரிஸ்டிக்ஸ்' என்ற அட்டவணையில் இருப்பது வேறு வகை எண். கீழ் அட்டவணை தயாரிப்பாளர் நமக்குத் தரும் வாக்கு. மேல் அட்டவணை நாம் அவருக்குத் தர வேண்டிய வாக்கு. அதனால் தமிழ்ப் பிரதியில் இரண்டையும் ஒரே தாளில் அச்சிட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அடுத்து, அட்டவணையை ஒட்டிச் சிறு எழுத்தில் வரும் எச்சரிக்கை. ஏறக்குறைய எல்லாக் கம்பெனியும் இதைப் போடுகிறது. அதன் கருத்து மூன்று. இந்த அளவுகளைத் தாண்டினால் பொருளுக்கு நிரந்தரச் சேதம் ஏற்படக்கூடும். இவை தாங்கும் எல்லைகள் மட்டுமே, இந்த நிலையில் பொருள் சரியாக வேலை செய்யும் என்று பொருளாகாது. எல்லை அளவிலேயே நீண்ட நேரம் வைத்திருந்தாலும் பொருளின் ஆயுள் கெடக்கூடும்.

இதில் மொழிபெயர்ப்புச் சிக்கல் இரண்டு வந்தன. முதலாவது, 'மே' என்ற ஆங்கிலச் சொல். நம் மாணவர்கள் வழக்கப்படி 'லாம்' என்று போட்டார்கள்: 'நிரந்தரச் சேதம் ஏற்படலாம்'. தமிழில் 'லாம்' என்பது அனுமதிக்கும் வரும், சாத்தியத்துக்கும் வரும். 'நீ போகலாம்' என்றால் அனுமதி; 'மழை வரலாம்' என்றால் சாத்தியம். பேச்சில் குழப்பம் இல்லை. ஆனால் 'அளிக்கலாம்', 'பயன்படுத்தலாம்', 'ஏற்படலாம்' என்று ஒரே தாளில் அடுத்தடுத்து வந்தால், படிக்கிறவர் சேதத்தையும் ஏதோ நடந்தாலும் நடக்கும், நடக்காமலும் போகும் என்று எளிதாக எடுத்துக்கொள்கிறார். அதனால் ஒரு விதி வைத்துக்கொண்டோம். அனுமதி என்றால் மட்டும் 'லாம்'. ஆபத்து என்றால் 'கூடும்'. தடை என்றால் 'கூடாது'. தாள் முழுவதும் இந்த மூன்றும் மாறாமல் வர வேண்டும்.

இரண்டாவது, 'ஸ்ட்ரெஸ்' என்ற சொல். 'அழுத்தம்' என்று எழுதினால் அது ஏற்கெனவே 'மின்னழுத்த'த்தில் இருக்கிறது. 'மின்னழுத்தத்தின் அழுத்தம்' என்று வாக்கியம் வந்தால் படிக்கிறவர் தலையைச் சொறிவார். இயற்பியல் நூலில் உள்ள 'தகைவு' கம்பியை இழுப்பதற்கான சொல். 'சுமை' என்றால் ரிலே, பல்பு போன்ற லோடு என்று எடுத்துக்கொள்வார்கள். கடைசியில் அந்தச் சொல்லையே தவிர்த்துவிட்டு 'பொருள் தாங்கும் எல்லை' என்று வாக்கியத்தை மாற்றிக் கட்டினோம். ஒவ்வோர் ஆங்கிலச் சொல்லுக்கும் ஒரு தமிழ்ச் சொல் நிற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கருத்து விடுபடாமல் இருந்தால் சரி.

'நிரந்தரச் சேதம்' பற்றியும் ஒரு வார்த்தை. மாணவர்கள் இதைப் படித்ததும் புகை வந்து கருகிப் போவதை நினைக்கிறார்கள். சேதம் எப்போதும் புகையோடு வராது. BC547-இல் உமிழ்ப்பானுக்கும் அடிவாய்க்கும் இடையே தலைகீழாகக் கொடுக்கும் மின்னழுத்தத்துக்கு எல்லை 6 வோல்ட்தான். 45 வோல்ட் தாங்கும் பொருள் இந்தப் பக்கம் 6 வோல்ட்டைத்தான் தாங்கும். அதைத் தாண்டி அந்தச் சந்தி உடைந்து மின்னோட்டம் பாய்ந்தால் டிரான்சிஸ்டர் சாகாமலும் இருக்கும். ஆனால் அதன் மின்னோட்டப் பெருக்கம், மல்டிமீட்டரில் hFE என்று காட்டுமே, அது குறையும். டயோடு சோதனையில் நல்லது என்று காட்டும், சர்க்யூட்டில் மட்டும் சரியாக வேலை செய்யாது. சந்தேகம் வந்தால் அதே பையில் இருந்த புது டிரான்சிஸ்டர் ஒன்றை எடுத்து இரண்டின் hFE-ஐயும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

இப்போது உமிழ்ப்பான், அடிவாய் என்று சொன்னேன். கால்களின் பெயர்களுக்கு நம் தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடநூலில் உள்ள உமிழ்ப்பான், அடிவாய், ஏற்பான் என்ற சொற்களையே எடுத்துக்கொண்டோம். பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் படித்த பிள்ளைக்கு அது பழகிய சொல். இலங்கைத் தமிழ் நூல்களில் வேறு சொற்கள் உண்டு. ஆம்ப்ளிஃபயரை அங்கே 'விரியலாக்கி' என்பார்கள். அழகான சொல், பொருளும் பொருந்துகிறது. ஆனால் உமிழ்ப்பானை அங்கே 'காலி' என்பார்கள். நம் வீடுகளில் 'டப்பா காலி' என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும்! எனவே அதை இங்கே கொண்டுவரவில்லை. டிரான்சிஸ்டர், ஆப்-ஆம்ப், டயோடு என்ற பெயர்களை அப்படியே விட்டோம். VCEO, VEBO போன்ற குறியீடுகளையும் ஆங்கில எழுத்திலேயே விட்டோம். தமிழ்த் தாளில் ஒரு வரியைப் படித்த பிள்ளை ஆங்கிலத் தாளில் அதே வரியைக் கண்டுபிடிக்க அந்தக் குறியீடுதான் வழிகாட்டி.

ஆனால் குறியீட்டுக்கு விளக்கம் எழுதினோம். VCEO என்பதில் கடைசி O எதற்கு என்று பலர் கவனிப்பதில்லை. மூன்றாவது காலை எதிலும் இணைக்காமல் திறந்து விட்டிருக்கும்போது எடுத்த அளவு என்பதன் குறி அது. ஆகவே VCEO என்றால் 'அடிவாய் திறந்திருக்கையில் ஏற்பானுக்கும் உமிழ்ப்பானுக்கும் இடையே உள்ள மின்னழுத்தம்'. ஓர் எழுத்து தமிழில் இரண்டு சொல்லாக நீள்கிறது. நீண்டால் நீளட்டும்.

இனி நான் மிக முக்கியமாகக் கருதும் வரிக்கு வருகிறேன். BC547-க்கு ஒரு பெரிய தயாரிப்பாளரின் தாளில் உள்ள நான்கு எண்களைச் சொல்கிறேன். VCEO 45 வோல்ட். ஏற்பான் மின்னோட்டம் 100 மில்லி ஆம்பியர். வெப்பமாக வெளியேறும் திறன் 625 மில்லி வாட். சந்தியின் வெப்பநிலை 150 டிகிரி. கம்பெனிக்குக் கம்பெனி திறன் எண் மாறும், 500 என்று போட்டவர்களும் உண்டு. அதனால் தமிழ்த் தாளின் தலைப்பில் எந்தக் கம்பெனியின் எந்தப் பதிப்பிலிருந்து எடுத்தது என்று எழுதியே ஆக வேண்டும்.

45 வோல்ட்டும் 100 மில்லி ஆம்பியரும் சேர்ந்து வந்தால் என்ன ஆகும்? பெருக்கிப் பாருங்கள், 4.5 வாட். அனுமதித்திருப்பதோ 0.625 வாட். அதாவது ஏழு மடங்குக்கும் மேல். ஒவ்வோர் எண்ணும் தனித்தனி வேலி. எல்லா வேலிக்கும் உள்ளே ஒரே நேரத்தில் நிற்க வேண்டும். ஆங்கிலத் தாள்கள் பலவற்றில் இதை வெளிப்படையாகச் சொல்வதில்லை, தெரிந்திருக்கும் என்று விட்டுவிடுகிறார்கள். நாங்கள் தமிழில் ஒரு வரி சேர்த்திருக்கிறோம். மூலத்தில் இல்லாததைச் சேர்க்கலாமா என்று மாணவர் ஒருவர் கேட்டார். சேர்க்கலாம், ஆனால் அது நம் குறிப்பு என்று தெரியும்படி கட்டம் போட்டுத் தனியே வைக்க வேண்டும்.

அந்த 625 மில்லி வாட் வரிக்குக் கீழே ஒரு சின்ன வரி இருக்கிறது. 25 டிகிரிக்கு மேல் 'டிரேட்' செய்யவும், டிகிரிக்கு 5 மில்லி வாட். மாணவர்கள் 'டிரேட்' என்பதைத் 'தரம் குறைத்தல்' என்று மொழிபெயர்த்தார்கள். அப்படிப் படித்தால் மட்டமான சரக்கைப் பற்றிய செய்தி மாதிரி இருக்கிறது! உண்மையில் அது ஒரு கட்டளை: சூழல் வெப்பம் 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் அனுமதித்த திறனில் 5 மில்லி வாட் குறைத்துக்கொள்க. நம் தாளில் அந்த வாக்கியமே இருக்கிறது. 25 டிகிரி என்பது ஆய்வகத்தின் குளிர்ந்த அறை. நம் ஊரில் மே மாதம் நிழலிலேயே 40 வரும். பிளாஸ்டிக் பெட்டிக்குள் மூடி வைத்தால் 45-க்குக் குறையாது.

வகுப்பில் கணக்காகச் செய்து பார்த்ததை இங்கே சொல்கிறேன். 12 வோல்ட் அடாப்டரிலிருந்து ஒரு சிறு போர்டுக்கு 5 வோல்ட் வேண்டும். மாணவர் BC547-இன் அடிவாயில் 5.6 வோல்ட் ஜீனர் வைத்து, உமிழ்ப்பானிலிருந்து ஏறக்குறைய 5 வோல்ட் எடுக்கிறார். போர்டு இழுப்பது 80 மில்லி ஆம்பியர். எல்லைகளைப் பார்க்கிறார். டிரான்சிஸ்டர் மேல் விழுவது 7 வோல்ட். 45-க்கு எவ்வளவோ கீழே. மின்னோட்டம் 80; 100-க்குக் கீழே. திறன் 7 பெருக்கல் 0.08, அதாவது 560 மில்லி வாட். அதுவும் 625-க்குக் கீழே. எல்லாம் சரி என்று பெட்டியை மூடிவிடுகிறார்.

அந்தச் சின்ன வரியைப் படித்தவர் இப்படிச் செய்ய மாட்டார். பெட்டிக்குள் 45 டிகிரி. 25-க்கு மேல் 20 டிகிரி. இருபது பெருக்கல் ஐந்து, நூறு. 625-இல் நூறைக் கழித்தால் 525. நாம் போடுவது 560. எல்லை தாண்டிவிட்டது. இதையே வெப்பநிலைக் கணக்காகவும் பார்க்கலாம். அதே தாளில் சந்தியிலிருந்து காற்றுக்கு வெப்பத்தடை ஒரு வாட்டுக்கு 200 டிகிரி என்று இருக்கிறது.

```
Tj = Ta + P × RθJA
Tj = 45 + 0.56 × 200 = 157 °C
```

எல்லை 150, வருவது 157. இரண்டு வழியிலும் ஒரே விடைதான் வரும், ஏனென்றால் இரண்டும் ஒரே செய்தி. 5 மில்லி வாட் என்ற எண்ணே அந்த 200-இலிருந்து பிறந்ததுதான். சூழலே 150 டிகிரியானால் அனுமதித்த திறன் பூஜ்யம்: 625-இல் 125 பெருக்கல் 5-ஐக் கழித்துப் பாருங்கள். '150 டிகிரி வரை தாங்கும்' என்பதை '150 டிகிரி இடத்தில் வைத்து ஓட்டலாம்' என்று புரிந்துகொள்ளக் கூடாது என்பதற்கு இந்தக் கணக்கு ஒன்றே போதும்.

இப்படிப்பட்ட போர்டு உடனே சாகாது, அதுதான் தொந்தரவு. பகலில் ஓடும், இரவில் நன்றாகவே ஓடும். அறிகுறி ஒன்று உண்டு. டிரான்சிஸ்டர் சூடாகச் சூடாக அடிவாய்க்கும் உமிழ்ப்பானுக்கும் இடையே உள்ள மின்னழுத்தம் டிகிரிக்குச் சுமார் 2 மில்லி வோல்ட் குறையும். அதனால் வெளியே வரும் 5 வோல்ட் மெல்ல மெல்ல ஏறும். சுவிட்ச் போட்டதும் 4.9 என்று காட்டிய மீட்டர் சில நிமிடங்களில் 5.1 என்று நின்றால், சந்தி சுமார் நூறு டிகிரி ஏறியிருக்கிறது என்று அர்த்தம். கடைசியில் இத்தகைய டிரான்சிஸ்டர் பெரும்பாலும் ஏற்பானும் உமிழ்ப்பானும் ஒட்டிக்கொண்டு ஷார்ட்டாகிப் போகும். அப்போது 12 வோல்ட் அப்படியே 5 வோல்ட் போர்டில் பாயும். சில ரூபாய் டிரான்சிஸ்டர், நூற்றுக்கணக்கான ரூபாய் போர்டைக் கூட்டிக்கொண்டு போகும்.

தீர்வு எளிது. ஏற்பானோடு தொடராக 47 ஓம், 1 வாட் ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டால் 80 மில்லி ஆம்பியருக்கு அதில் 3.76 வோல்ட் விழும். டிரான்சிஸ்டர் மேல் மிஞ்சுவது 3.24 வோல்ட்; திறன் சுமார் 260 மில்லி வாட்; சந்தி 97 டிகிரி. சூடு இல்லாமல் போகவில்லை, ரெசிஸ்டருக்கு மாறியிருக்கிறது. அது தாங்கும். இல்லையென்றால் BD139 போன்ற பெரிய டிரான்சிஸ்டரைப் போடலாம். அதற்கு வெப்பத்தடை பாதிதான்.

ஆப்-ஆம்ப் பக்கம் வருவோம். LM741-இன் எல்லை அட்டவணை சிறியது. வழங்கும் மின்னழுத்தம் ±22 வோல்ட்; விலை குறைந்த LM741C என்றால் ±18. ஒரே அட்டவணையில் இரண்டு எண் வரும்போது, கையில் இருக்கும் ஐ.சி.யின் முதுகில் C இருக்கிறதா என்று பார்த்துத்தான் எண்ணைத் தேர வேண்டும். இது தமிழ்ப் பிரதியில் முதல் வரி.

அடுத்தது உள்ளீட்டு மின்னழுத்தம், ±15 வோல்ட். இதன் பக்கத்தில் அடைப்புக்குள் ஒரு சின்ன எண் இருக்கும். பக்கத்தின் அடியில் போய்ப் பார்த்தால் அடிக்குறிப்பு: வழங்கும் மின்னழுத்தம் ±15-க்குக் குறைவாக இருந்தால், உள்ளீட்டு எல்லை வழங்கும் மின்னழுத்தத்துக்குச் சமம். பலர் ±15-ஐ மட்டும் எழுதிக்கொண்டு போய்விடுவார்கள். 741-ஐ நாம் ±12-இல் ஓட்டினால் உள்ளீட்டு எல்லை 15 ஆகாது, 12தான். ±9-இல் ஓட்டினால் 9.

இதை இன்னும் ஒரு படி கொண்டு போங்கள். ஆப்-ஆம்புக்கு வழங்கும் மின்னழுத்தம் பூஜ்யமானால்? உள்ளீட்டு எல்லையும் பூஜ்யம்! அதாவது ஆப்-ஆம்பின் சுவிட்சை அணைத்துவிட்டு, தனி அடாப்டரில் ஓடும் சென்சார் மட்டும் 5 வோல்ட்டை உள்ளீட்டில் தள்ளிக்கொண்டிருந்தால், அணைந்து கிடக்கும் ஐ.சி. எல்லை தாண்டிய நிலையில் இருக்கிறது. மின்சாரம் இல்லாத பொருள் எப்படிக் கெடும் என்று கேட்கத் தோன்றும். உள்ளீட்டுக் கால் வழியாக உள்ளே இருக்கும் சந்திகளில் மின்னோட்டம் பாய்ந்து கெடும். இரண்டு போர்டுகளை வேறு வேறு அடாப்டரில் ஓட்டும் எந்த வேலையிலும் இது நடக்கக்கூடும். பட்டறை வழக்கம், அந்த வழியில் 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராகப் போடுவது. 5 வோல்ட் வந்தாலும் அரை மில்லி ஆம்பியருக்கு மேல் பாயாது.

எனவே தமிழ்ப் பிரதியில் அடிக்குறிப்பே வேண்டாம் என்று முடிவு செய்தோம். குறிப்பு எதைச் சேர்ந்ததோ அந்த வரியிலேயே அது இருக்கும். '±15 வோல்ட், அல்லது வழங்கும் மின்னழுத்தம், இரண்டில் எது குறைவோ அது.' கட்டம் பெரிதாகிறது, அழகு கெடுகிறது, பரவாயில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. LM358 என்ற இன்னோர் ஆப்-ஆம்ப் கடையில் சுலபமாகக் கிடைக்கும். அதன் உள்ளீட்டு எல்லை மைனஸ் 0.3 முதல் 32 வோல்ட் வரை. 741-க்குள்ள அடிக்குறிப்பு அதற்கு இல்லை. ஆனால் கீழ்ப்பக்கம் 0.3 வோல்ட்தான் இடம். 741-க்கு எழுதிய தமிழ்த் தாளை வைத்து 358-ஐ ஓட்டக் கூடாது, 358-இன் தாளை வைத்து 741-ஐயும் ஓட்டக் கூடாது. ஒரு பொருளுக்கு ஒரு தாள்.

பிரதியைச் சரிபார்க்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன், பெற்றோர் கேட்டது அதைத்தான். ஒரு மாணவர் எழுதிய தாளை இன்னொரு மாணவரிடம், ஆங்கிலத் தாள் இல்லாமல் கொடுக்கிறோம். கூடவே நான்கு கேள்விகள். 45 வோல்ட்டும் 100 மில்லி ஆம்பியரும் ஒன்றாக வரலாமா? 50 டிகிரியில் எத்தனை மில்லி வாட்? ±9 வோல்ட்டில் உள்ளீடு எவ்வளவு வரை? அடிவாயில் தலைகீழாக 9 வோல்ட் போனால் என்ன ஆகும், எப்படிக் கண்டுபிடிப்பாய்? தமிழ்த் தாளை மட்டும் படித்து நான்குக்கும் சரியாகப் பதில் வந்தால் அந்தத் தாள் தேறியது. வரவில்லையென்றால் பதில் சொன்னவரைத் திருத்துவதில்லை, தாளைத் திருத்துகிறோம். போன வாரம் இரண்டாவது கேள்விக்கு மூன்று பேர் 625 என்றே எழுதினார்கள். அந்த வரியை மாற்றி, பக்கத்திலேயே 25, 40, 50, 60 டிகிரிக்கு 625, 550, 500, 450 என்று கணக்குப் போட்டு வைத்தோம். மறுநாள் அந்தக் கேள்வியில் யாரும் தடுமாறவில்லை.

BC547 தாள் இந்த முறையில் தேறிவிட்டது. 741-இல் வெளியீட்டு ஷார்ட் சர்க்யூட் பற்றிய வரி இன்னும் பாக்கி. ஆங்கிலத்தில் 'தொடர்ச்சியாக' என்று ஒரே சொல் இருக்கிறது. வெளியீட்டை எவ்வளவு நேரம் தரையோடு சேர்த்து வைத்தாலும் தாங்கும் என்பது கருத்து. 'தொடர்ந்து ஷார்ட் செய்யலாம்' என்று எழுதினால் பிள்ளைகள் செய்து பார்த்துவிடுவார்கள்! அந்தத் திறனும் 500 மில்லி வாட் எல்லைக்குள் அடங்க வேண்டுமே, அதை எப்படிச் சொல்வது என்று வியாழக்கிழமை வகுப்பில் உட்கார்ந்து பார்க்கப் போகிறோம். விருப்பமுள்ள பெற்றோரும் வரலாம். தேறிய தாளின் பிரதிகள் வாசல் அருகே மேசையில் இருக்கின்றன. வீட்டில் பழைய ரேடியோ, ஸ்டெபிலைசர் ஏதாவது கிடந்தால் கொடுத்துவிட்டுப் போங்கள், வகுப்புக்குப் பயன்படும்.